ஆய்வேட்டின் நன்றியுரையில் யார் பெயர் முதலில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்றியுரையில் முதல் பெயர் யாருடையது? சாமியா, அப்பா அம்மாவா, கைடா?

நெறியாளர்தான். முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பொறுத்தவரை இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

'மாதா பிதா குரு தெய்வம்' என்பதைக் காட்டி, பெற்றோரை முதலில் போட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். அது வாழ்க்கைக்குச் சொன்ன வரிசை. நன்றியுரை என்பது இந்த ஆய்வு எப்படி நடந்தது, யார் யார் கை அதில் பட்டது என்று படிப்பவருக்குத் தெரிவிக்கிற பக்கம். ஆய்வுக்கு மிக அருகில் நின்றவரிடம் தொடங்கி, ஆய்வாளருக்கு மிக அருகில் நின்றவரிடம் போய் முடிவதுதான் இதற்கு இயல்பான ஓட்டம். ஆய்வுக்கு அருகில் முதலில் நிற்பவர் நெறியாளர். உங்களுக்கு அருகில் கடைசியில் நிற்பவர்கள் வீட்டார். கடைசியில் வருவதால் அவர்கள் தாழ்ந்துவிடுவதில்லை. பக்கத்தை முடித்து வைக்கிற பத்திதான் படிப்பவர் மனத்தில் அதிக நேரம் தங்குகிறது.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. ஹாங்காங்கில் உள்ள பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் எழுதிய 240 ஆய்வேடுகளின் நன்றியுரைகளை கென் ஹைலண்ட் என்ற மொழியியலாளர் ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் காட்டும் அமைப்பிலும் முதலில் கல்வி சார்ந்த உதவி, அடுத்து பணமும் வசதிகளும், அதன்பின் மனத்துக்குத் துணை நின்றவர்கள் என்றுதான் வருகிறது.

சாமியை முதல் வரியில் நினைக்க விரும்பினால் தாராளமாக நினைக்கலாம். அது ஒரு வரியோடு நிற்கட்டும். அதற்கு அடுத்த பத்தியை நெறியாளரிடமிருந்து தொடங்குங்கள்.

எழுத உட்காருவதற்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புக் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, அண்ணா பல்கலைக்கழகக் கையேடு நன்றியுரை சுருக்கமாக, இரட்டை இடைவெளியில் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் உங்கள் கையில் இருப்பது இருபத்தைந்து வரி போல. யாரை எங்கே வைப்பது என்பதோடு, யாருக்கு எத்தனை வரி என்பதும் அங்கே கேள்வியாகிவிடும்.

எங்கள் கல்லூரியில் தாளாளர், செயலர், முதல்வர், துறைத்தலைவர், அப்புறம்தான் கைடு என்று ஒரு மாதிரிப் பக்கம் கொடுக்கிறார்கள். அப்படியே போடணுமா?

இந்தச் சிக்கல்தான் தமிழ்நாட்டில் அதிகம். சுயநிதிக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டத் திட்ட அறிக்கைக்குத் தருகிற மாதிரிப் பக்கம் அப்படியே முனைவர் பட்ட ஆய்வேடு வரை ஏறி வந்துவிடுகிறது. நிறுவனர், தாளாளர், செயலர், முதல்வர், புல முதன்மையர், துறைத்தலைவர் என்று ஆறு பத்தி போன பிறகு ஏழாவதாக நெறியாளர் வருவார். ஐந்து ஆண்டு கூடவே இருந்து இயல் இயலாகத் திருத்திக் கொடுத்தவர், அந்த ஆய்வின் தலைப்பைக்கூட அறியாத ஒருவருக்குக் கீழே நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. புறத்தேர்வாளர் இந்தப் பக்கத்தைப் புரட்டும்போதும், ஆய்வாளர் தன் வேலையைப் பற்றிச் சொல்வதற்கு முன் பதவிப் பட்டியல் ஒப்பிக்கிறார் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

செய்ய வேண்டியது இதுதான். அந்த வரிசை பல்கலைக்கழக விதியா, கல்லூரி வழக்கமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பல்கலைக்கழகக் கையேடுகள் பக்க அளவு, எழுத்துரு, கையொப்பம் பற்றிப் பேசுகிற அளவுக்கு நன்றி சொல்லும் வரிசையைப் பற்றிப் பேசுவது அரிது. கையேட்டில் அப்படி எதுவும் இல்லையென்றால், ஆய்வு மையப் பொறுப்பாளரிடம் அதைக் காட்டி, பணிவாக மாற்றம் கேட்கலாம். உங்கள் நெறியாளருக்குத் தெரியாமல் இதைச் செய்ய வேண்டாம். அவரே அந்தக் கல்லூரியில்தான் வேலை பார்க்கிறார். "என் பெயர் எங்கே இருந்தால் என்ன, விடுப்பா" என்று அவர் சொன்னால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

மாற்ற வழியே இல்லையா? அப்போது நிர்வாகம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அடக்குங்கள். 'இந்த ஆய்வை மேற்கொள்ள இசைவும் ஆய்வக வசதியும் நல்கிய கல்லூரித் தாளாளர், செயலர், முதல்வர் ஆகியோருக்கு நன்றி' என்றால் அதில் குறை எதுவும் இல்லை. என்ன கொடுத்தார்கள் என்பதும் வந்துவிடுகிறது, மரியாதையும் நிற்கிறது. அடுத்து நெறியாளருக்குத் தனிப்பத்தி, நான்கைந்து வரி. இடம் இரண்டாவதாக இருந்தாலும், அவர் செய்த வேலையைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் படிப்பவருக்கு உண்மை விளங்கிவிடும்.

இரண்டு நெறியாளர் இருந்தார்கள். முதலாமவர் இடையில் ஓய்வு பெற்றுவிட்டார். யாரை முதலில் சொல்வது?

ஓய்வு பெறும்வரை நெறியாளராகவும், அதன்பின் எழுபது வயதுவரை இணை நெறியாளராகவும் ஒருவர் தொடரலாம் என்று யுஜிசியின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறை சொல்கிறது. அதனால் ஆய்வைத் தொடங்கி வைத்தவர் இணை நெறியாளராகவும், முடிவில் வந்தவர் நெறியாளராகவும் சான்றிதழில் கையெழுத்திடுவது இப்போது சாதாரணமாக நடக்கிறது.

சான்றிதழ்ப் பக்கம் பதவியைச் சொல்லும். அதை மாற்ற உங்களால் முடியாது. நன்றியுரையில் காலவரிசை உங்களுக்குக் கைகொடுக்கும். 'இந்த ஆய்வைத் தொடங்கி வைத்து முதல் மூன்று இயல்கள் வரை நெறிப்படுத்திய', 'பின்னர் பொறுப்பேற்று நிறைவுவரை வழிநடத்திய' என்று அடுத்தடுத்து ஒரே பத்தியில் எழுதினால், யார் பெரியவர் என்ற கேள்வியே எழாது. இருவருக்கும் ஏறத்தாழ ஒரே நீளம் கொடுங்கள். முதலாமவர் முழுவதுமாக விலகிவிட்டாலும் அவர் பெயரை விடக்கூடாது.

ஆய்வு ஆலோசனைக் குழுவினர் இதற்கு அடுத்த பத்தி. ஒவ்வொருவரும் சொன்ன ஒரு குறிப்பிட்ட ஆலோசனை நினைவில் இருந்தால் அதைச் சொல்லுங்கள். 'மேலான ஆலோசனைகளை வழங்கிய' என்று எல்லாருக்கும் ஒரே தொடரை ஒட்டுவதைவிட, 'கேள்வித்தாளை இரண்டாகப் பிரிக்கச் சொன்ன' என்பது அவருக்கே மகிழ்ச்சி தரும். குழுவுக்குள் வரிசை பற்றிக் குழப்பம் இருந்தால் அகர வரிசை போதும். துறைத்தலைவர் குழுவில் இல்லையென்றால் குழுவுக்குப் பின்னால் வரட்டும்.

எனக்கு ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தது. பணம் கொடுத்தவர்களை எங்கே, எப்படிச் சொல்வது?

ஆய்வேட்டில் கல்வி சார்ந்த உதவிக்கு அடுத்து, நூலகம், ஆவணக் காப்பகம் போன்றவற்றுக்கு முன்னால் சொல்லலாம். இடத்தைவிட இங்கே சொற்கள்தான் முக்கியம். மற்றவர்களுக்குச் சொல்வது நன்றி. நிதி கொடுத்தவரைப் பற்றி எழுதுவது அறிவிப்பும்கூட. இந்த ஆய்வு யார் பணத்தில் நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை படிப்பவருக்கு உண்டு.

ஆகவே ஆணைக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் முழுப்பெயர், திட்டத்தின் பெயர், ஆணை எண், காலம் ஆகிய நான்கும் அதில் உள்ளபடியே வரவேண்டும். எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று சில நிறுவனங்கள் வாசகத்தையே தந்துவிடும். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் போன்றவை, கருத்துகளுக்கும் முடிவுகளுக்கும் ஆய்வாளரே பொறுப்பு என்ற அறிவிப்பையும் எதிர்பார்க்கும்.

பெயர் மாறிய நிறுவனங்களில் கவனம் தேவை. செர்ப் என்று நாம் அழைத்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் சேர்ந்துவிட்டது. பழைய ஆணை எண்ணை வைத்துக்கொண்டு புதுப் பெயரை மட்டும் போட்டால், பின்னால் தேடுபவருக்கு இரண்டும் பொருந்தாது. 'ஆணை வழங்கப்பட்டபோது இன்ன பெயர், தற்போது இன்ன பெயர்' என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலிருந்து பணம் வந்திருந்தால், எது எதற்கு என்று பிரித்துச் சொல்லுங்கள். மாத உதவித்தொகை ஓரிடம், களப்பணிச் செலவு ஓரிடம், மாநாட்டுப் பயணம் ஓரிடம் என்று இருக்கும். பெரிய தொகையிலிருந்து சிறிய தொகைக்கு இறங்கி வருவதே வழக்கம்.

தனியார் பணத்தை ஒருபோதும் மறைக்கக்கூடாது. பூச்சிமருந்து பற்றிய ஆய்வுக்கு மருந்து நிறுவனமே மாதிரிப் பொட்டலங்களை இலவசமாகக் கொடுத்திருந்தால், அதுவும் உதவிதான். பணமாக வரவில்லை என்பதற்காக விட்டுவிட்டால், பின்னால் தெரியவரும்போது முடிவுகள் மீதே சந்தேகம் விழும்.

நிதி பெற்ற ஆய்வுத் திட்டத்தின் இறுதி அறிக்கைக்கும் இதே வரிசைதானா?

இல்லை. அந்த அறிக்கை நிதி கொடுத்தவருக்கே போகிறது. அங்கே நிதி நிறுவனம் முதலில், உங்கள் பல்கலைக்கழகம் இரண்டாவது, ஆலோசகர்கள் மூன்றாவது, திட்டத்தில் வேலை செய்த உதவியாளர்களும் களப்பணியாளர்களும் அடுத்து. குடும்பத்தை ஒரு வரியில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். நீண்ட குடும்பப் பத்தி அந்த அறிக்கையில் ஒட்டாது.

என் மனைவிதான் முழுசா டைப் செய்து, மெய்ப்பும் பார்த்துக் கொடுத்தார். குடும்பத்தோடு சேர்த்துச் சொன்னால் போதுமா?

போதாது. அவர் செய்தது இரண்டு. ஆய்வுக்கு வேலை செய்தார், உங்களுக்குத் துணை நின்றார். வேலையை, வேலை செய்தவர்கள் பத்தியில் பெயரோடு எழுதுங்கள். அன்பைக் குடும்பப் பத்தியில் எழுதுங்கள்.

2017இல் வெர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் புரூஸ் ஹோல்சிங்கர், பழைய ஆங்கில ஆய்வு நூல்களின் நன்றியுரைகளிலிருந்து சில வரிகளை #ThanksForTyping என்ற குறியோடு ட்விட்டரில் போட்டார். கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்து, திருத்தி, சில சமயம் மூலத்தையே படியெடுத்துக் கொடுத்த மனைவிமார்கள் அங்கெல்லாம் வெறும் 'என் மனைவி'. பெயர் இல்லை. நம் ஆய்வேடுகளிலும் 'என் துணைவியாருக்கும் குழந்தைகளுக்கும்' என்று முடித்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நெறியாளருக்குப் பட்டம், பதவி, ஊர் எல்லாம் போடுகிறோம். மனைவிக்குப் பெயர்கூட இல்லை என்றால் அது சரியில்லை. அவர் சொன்ன திருத்தம் ஓர் இயலின் வாதத்தையே மாற்றியிருந்தால், அதையும் சொல்லுங்கள்.

குடும்பத்துக்குள் வரிசை என்று விதி எதுவும் இல்லை. பெற்றோர், மாமனார் மாமியார், உடன்பிறந்தோர், கடைசியில் கணவன் அல்லது மனைவியும் பிள்ளைகளும் என்று போனால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆனால் நீங்கள் களப்பணிக்குப் போன நாளெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் மாமியார் என்றால் அவரை முதலில் சொல்லலாம், எதற்காக என்பதையும் சொல்லலாம். படிக்க வைத்த அண்ணன், அக்காவுக்கும் அப்படித்தான். காலமானவர்களை 'மறைந்த' என்ற ஒரு சொல்லோடு அவர்களுக்குரிய இடத்திலேயே வையுங்கள்.

களத்தில் தகவல் சொன்னவர்களின் பெயரைப் போடலாமா?

அவர்கள் சம்மதித்தால் மட்டும். ஒப்படைத்த ஆய்வேடு நூலகத்தில் தூங்கப்போவதில்லை. இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் ஏறிவிடும். நன்றியுரையும் அதில் பிடிஎஃப்பாக இருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளில் பின்னிணைப்பாகத் தகவலாளர் பட்டியல் தருவது நெடுநாள் வழக்கம். பெயர், வயது, சாதி, ஊர் என்று வரும். பாட்டுப் பாடியவருக்கும் கதை சொன்னவருக்கும் உரிய பெருமை அதில் இருக்கிறது. அதே பட்டியலைக் கடன், நோய், சாதிச் சண்டை, குடும்ப வன்முறை பற்றிய ஆய்வில் போட்டால் பேசியவருக்கு ஆபத்து. அங்கே 'தங்கள் அனுபவத்தை நம்பிப் பகிர்ந்துகொண்டவர்களுக்கு' என்று பொதுவாகச் சொல்வதே சரி. சின்ன ஊராக இருந்தால் ஊர்ப்பெயரே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். இயல்களில் புனைபெயர் கொடுத்துக் காப்பாற்றிய ஒருவரை, நன்றியுரையில் உண்மைப் பெயரோடு எழுதிவிடும் தவறு நடப்பதுண்டு. ஒப்படைக்கும் முன் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

வரிசையில் இவர்கள் நூலகத்துக்குப் பின்னால்தான் என்று ஒதுக்க வேண்டாம். களத்தை நம்பிய ஆய்வு என்றால் நெறியாளருக்கும் குழுவுக்கும் அடுத்து இவர்களே வரலாம்.

ஒரு மாதிரி காட்டினால் புரியும்.

சிவகங்கை மாவட்டக் கண்மாய்களின் நீர்ப்பங்கீடு பற்றி வரலாற்றுத் துறையில் ஒரு பெண் ஆய்வு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நெறியாளர் இடையில் ஓய்வு பெற்று இணை நெறியாளரானார். யுஜிசி உதவித்தொகை உண்டு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் வேலை பார்த்தார். கண்மாய் மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டிகள் பலரிடம் பேசினார். கணவர் வரைபடங்களை வரைந்து கொடுத்தார். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டார். கல்லூரிக்கு நிர்வாகத்தின் பெயர் வேண்டும். அவருடைய பக்கம் இப்படிப் போகலாம்:

> கண்மாய் ஆவணங்களின் பக்கம் என்னைத் திருப்பி, முதல் மூன்று இயல்கள் வரை நெறிப்படுத்திய பேராசிரியர் … அவர்களுக்கும், பின்னர் பொறுப்பேற்று ஒவ்வோர் இயலையும் வரிவரியாகத் திருத்தி நிறைவு செய்வித்த என் நெறியாளர் முனைவர் … அவர்களுக்கும் என் முதல் நன்றி.
>
> பங்கீட்டு முறையை ஊர்வாரியாக ஒப்பிடச் சொன்ன முனைவர் …, காலப்பகுதியைக் குறுக்கச் சொன்ன முனைவர் … ஆகிய ஆய்வு ஆலோசனைக் குழுவினருக்கும், துறைத்தலைவருக்கும், ஆய்வு செய்ய இசைவளித்த கல்லூரிச் செயலருக்கும் முதல்வருக்கும் நன்றி.
>
> மடைக் கணக்கையும் முறைப்பாசனத்தையும் கண்மாய்க் கரையில் நின்றபடியே விளக்கிய நீர்க்கட்டிகள் இல்லாமல் நான்காம் இயல் இல்லை. இசைவு தந்தவர்களின் பெயர்கள் பின்னிணைப்பில் உள்ளன.
>
> இந்த ஆய்வு பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகையில் (ஆணை எண் …, காலம் …) நடைபெற்றது.
>
> தமிழ்நாடு ஆவணக் காப்பகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவற்றின் பணியாளர்களுக்கு நன்றி. வரைபடங்களை வரைந்தவர் திரு. ….
>
> நான் களத்தில் இருந்த நாள்களில் வீட்டைத் தாங்கிய அம்மா திருமதி …, படிப்பை விடாதே என்று சொல்லிக்கொண்டே இருந்த மறைந்த அப்பா திரு. …, வரைபடத்தோடு நிற்காமல் எல்லாவற்றிலும் உடனிருந்த என் கணவர் …, மகள் … ஆகியோருக்கு என் அன்பு.

நிர்வாகம் இரண்டாம் பத்தியில் இயல்பாக அமர்ந்திருப்பதையும், கணவர் இரண்டு இடத்தில் வருவதையும் பாருங்கள். நிதி பற்றிய வரியில் 'மனமார்ந்த', 'உளங்கனிந்த' எதுவும் இல்லை. அங்கே எண்தான் வேண்டும். பெயர்களை நிரப்பினால் இரட்டை இடைவெளியில் இது ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டக்கூடும். ஒரு பக்கக் கட்டுப்பாடு இருந்தால் இரண்டாம் பத்தியைச் சுருக்குங்கள், நீர்க்கட்டிகளைச் சுருக்க வேண்டாம்.

இதையே கட்டுரையாக இதழுக்கு அனுப்பும்போது?

குடும்பமும் சாமியும் பெரும்பாலும் நீங்கும். நிதிக்குத் தனித் தலைப்பு இருக்கும். ஆசிரியர் பட்டியலில் சேரும் அளவுக்குப் பங்களிக்காதவர்கள் மட்டும் நன்றியில் வருவார்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, நன்றி சொல்லப்படுபவரிடம் எழுத்துமூலம் இசைவு வாங்கச் சொல்கிறது. ஒரு பெரிய பேராசிரியரின் பெயர் அங்கே இருந்தால் அவர் முடிவுகளை ஏற்றுக்கொண்டதாகப் படிப்பவர் நினைத்துவிடுவார் என்பதே காரணம். பெயர் மறைத்து மதிப்பிடும் இதழ் என்றால், மதிப்பீட்டுப் படியிலிருந்து நன்றியுரையை முழுவதும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். நெறியாளர் பெயரும் ஆணை எண்ணும் உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கைடோடு மனஸ்தாபம். ஒன்றும் செய்யவில்லை. அவருக்கும் முதல் நன்றி சொல்லணுமா?

முதல் இடத்தைக் கொடுங்கள், பொய்யைக் கொடுக்க வேண்டாம். அவர் செய்தது எதுவோ அதை மட்டும் எழுதலாம். 'இந்த ஆய்வை மேற்கொள்ள ஏற்றுக்கொண்டு நெறியாளராக இருந்த' என்ற ஒரு வாக்கியம் உண்மையானது, மரியாதைக்கும் குறைவில்லை. அதற்குப் பின் உண்மையில் இயல்களைப் படித்துத் திருத்திக் கொடுத்தவருக்கு, அவர் வேறு துறையில் இருந்தாலும், உங்களுக்கு மூத்த ஆய்வாளராக இருந்தாலும், நான்கு வரி எழுதுங்கள். குத்தல் வேண்டாம். வாய்மொழித் தேர்வு நாளில் அந்தப் பக்கம் எல்லார் கையிலும் இருக்கும், நெறியாளரும் அங்கே உட்கார்ந்திருப்பார்.